விருதுப் பிரிவில் பதினொன்று இருக்கிறது, எத்தனையை வைப்பது?

"அக்கரைப்பற்றில் இருந்து எழுதுகிறேன். ஒலுவில் கெம்பஸில் முகாமைத்துவம் படித்துவிட்டு கல்முனையில் ஒரு லீசிங் கம்பனியில் நாலு வருஷமாகக் கடன் உத்தியோகத்தராக இருக்கிறேன். கொழும்பில் ஒரு வங்கிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். லிங்க்ட்இனில் விருதுகள் பகுதியில் பதினொன்று போட்டிருக்கிறேன்: மாதத்தின் சிறந்த உத்தியோகத்தர் மூன்று தடவை, எங்கள் கிளைக்குக் கிடைத்த அறவீட்டு விருது, கெம்பஸ் வியாபாரத் திட்டப் போட்டியில் இரண்டாமிடம், தமிழ் மொழித் தினப் போட்டியில் வலய மட்டம் மூன்றாமிடம், ஓ.எல் 9 ஏ, மாணவத் தலைவர், மகாபொல, இரண்டு வெபினார் சான்றிதழ். கூட்டாளி ஒருவர் பார்த்துவிட்டு 'எல்லாத்தையும் கொட்டி வச்சிருக்கியே' என்று சிரிக்கிறார். எதை வைப்பது, எதை எடுப்பது?"

கூட்டாளி சிரித்தது சரிதான் தம்பி, ஆனால் உங்களிடம் சரக்கு இல்லாமல் இல்லை. பதினொன்றில் நான்கு, இரண்டு பதிவுகளாக இந்தப் பிரிவில் நிற்கும், இன்னொன்று உங்கள் வேலை அனுபவத்துக்குள் போனால் இதைவிட நன்றாக வேலை செய்யும், மற்றதெல்லாம் வேறு இடத்துக்குப் போக வேண்டியவை அல்லது எடுத்துவிட வேண்டியவை.

பிரித்துப் பார்க்க நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: இது கிடைக்காமல் போனவர்கள் யார்? கொஞ்சப் பேர் போட்டியிட்டு, யாரோ ஒருவர் ஏதோ ஓர் அளவுகோலை வைத்துத் தெரிந்தெடுத்திருந்தால் அது விருது. வந்திருந்த எல்லோருக்கும் கிடைத்திருந்தால் அது வரவுப் பதிவு. உங்கள் வெபினார் சான்றிதழ் இரண்டும் இரண்டாவது வகை, கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் மின்னஞ்சலில் வந்திருக்கும், எடுத்துவிடுங்கள். பரீட்சை வைத்துத் தந்த பாடநெறி ஏதாவது இருந்தால் அதற்கு `Licenses & certifications` என்று தனிப் பிரிவே இருக்கிறது.

இப்போது மாதத்தின் சிறந்த உத்தியோகத்தர். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், ஏனென்றால் ஆள் எடுக்கிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் ஒரு கிளையில் வேலை செய்தவர்கள்தான், பல இடங்களில் இந்தப் பட்டம் முறை வைத்துச் சுற்றி வருவது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்: போன மாதம் அவருக்கு, இந்த மாதம் இவருக்கு, யாருக்கும் மனம் நோகாமல். அதை மூன்று தனித்தனிப் பதிவுகளாக, ஒரே தலைப்பில், விளக்கம் எதுவும் இல்லாமல் போட்டால் அவர்கள் மனதில் முதலில் வருவது அந்தச் சுழற்சி முறைதான். ஆனால் உங்கள் கிளையில் அது எப்படித் தீர்மானிக்கப்பட்டது என்று நீங்கள் சொன்னால் கதை மாறிவிடும். யார் தெரிவு செய்தது, கிளை முகாமையாளரா, பிராந்திய அலுவலகமா? எத்தனை பேருக்குள்ளே? எதை வைத்து, புதிதாகக் கொடுத்த கடன் தொகையா, நிலுவை அறவீட்டு வீதமா, வாடிக்கையாளர் முறைப்பாடு இல்லாததா? கடன் வேலையில் இந்த வித்தியாசம் பெரியது. கடன் கொடுத்துக் குவித்ததற்காக வாங்கிய விருதையும், கொடுத்த கடனைத் தவணை தவறாமல் அறவிட்டதற்காக வாங்கிய விருதையும் ஒரு வங்கி ஒரே கண்ணால் பார்க்காது. இரண்டாவது உங்களிடம் இருந்தால் அதைச் சொல்லாமல் விடுவது நஷ்டம்.

உதாரணத்துக்கு, பன்னிரண்டு உத்தியோகத்தர்களில் மாத அறவீட்டு வீதத்தை வைத்துப் பிராந்திய அலுவலகம் தெரிவு செய்தது என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் உண்மையான எண்ணைப் போடுங்கள், நான் சொன்னதை அல்ல.) மூன்றையும் ஒரே பதிவாக்குங்கள். `Title` என்ற கட்டத்தில் சான்றிதழில் அச்சடித்திருக்கும் பெயரை அப்படியே போட்டு, பக்கத்தில் மூன்று தடவை என்று சேருங்கள். `Issuer` கட்டத்தில் உங்கள் கம்பனியின் பெயர். `Issue date` ஒரு மாதத்தையும் ஒரு வருடத்தையும்தான் ஏற்கும், ஆகவே கடைசியாகக் கிடைத்த மாதத்தைக் கொடுத்து, மற்ற இரண்டையும் `Description` பகுதியில் எழுதுங்கள். அந்த விளக்கத்தை நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள், பொருள் இவ்வளவு போதும்: "கிளையின் பன்னிரண்டு கடன் உத்தியோகத்தர்களில், மாத அறவீட்டு வீதத்தின் அடிப்படையில் பிராந்திய அலுவலகத்தால் தெரிவு. முன்னைய இரண்டு தடவைகள் இன்ன மாதம், இன்ன மாதம்." அவ்வளவுதான். அயராத உழைப்பு, அர்ப்பணிப்பு என்று ஒரு சொல் கூட வேண்டாம், அந்தச் சொற்கள் வந்த உடனே மேலே சொன்ன எண் பலவீனமாகிவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. அறவீடு என்றதும் உற்சாகத்தில் கிளையின் மொத்த நிலுவை எவ்வளவு, எத்தனை வாகனம் மீளப் பறிமுதல் செய்தோம் என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். அது கம்பனியின் உள் விஷயம், பகிரங்கமாகப் போட்டால் இப்போதைய முதலாளிக்கும் பிடிக்காது, அடுத்த வங்கியும் "நம்முடைய கணக்கையும் இப்படித்தான் வெளியில் போடுவாரோ" என்று யோசிக்கும். நிலையும் தெரிவு முறையும் போதும், ரூபாய் வேண்டாம்.

கிளைக்குக் கிடைத்த அறவீட்டு விருது உங்களுடையது அல்ல, உங்களுக்கும் பங்குள்ளது. இரண்டும் வேறு. தனி விருதாகப் பட்டியலில் வைத்தால் நேர்முகப் பரீட்சையில் "இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்ற முதல் கேள்வியிலேயே பின்வாங்க வேண்டிவரும். ஆகவே அதை உங்கள் வேலை அனுபவத்துக்குள்ளேயே ஒரு வரியாகக் கொண்டுபோங்கள்: கிளை இன்ன வருடம் பிராந்தியத்தில் முதலிடம், அதில் பொத்துவில் பக்கத்துக் கணக்குகளை நான் பார்த்தேன், இப்படி. வாசிக்கிறவர் அனுபவப் பகுதியைக் கட்டாயம் பார்ப்பார், விருதுப் பிரிவு வரை இறங்கி வருவாரா என்பது சந்தேகம், அதனால் இது இடமிறக்கம் இல்லை. அரசாங்க வேலையில் இருப்பவர்களிடமும் இதே பிரச்சினையைப் பார்க்கிறேன். தேசிய உற்பத்தித்திறன் செயலகம் கொடுக்கும் தேசிய உற்பத்தித்திறன் விருது நிறுவனத்துக்குத்தான் கிடைக்கிறது, பிரதேச செயலகத்துக்கு, பாடசாலைக்கு. அங்கே அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்தவர் அதைத் தன் பெயரில் எழுதினால் பொய் மாதிரித் தெரியும், "எங்கள் செயலகம் இந்த விருதைப் பெற்ற வருடத்தில் ஆவண ஒழுங்குபடுத்தல் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தேன்" என்று எழுதினால் உடனே நம்புவார்கள்.

வியாபாரத் திட்டப் போட்டி இரண்டாமிடம் நிற்கட்டும். குழுவாகச் செய்திருப்பீர்கள், ஆகவே எத்தனை பேர் குழு, எத்தனை குழுக்கள், உங்கள் பங்கு எது என்று சொல்லுங்கள். நிதி மதிப்பீடு செய்தது நீங்கள் என்றால் வங்கிக்கு அதுதான் முக்கியம். `Associated with` என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்துவிடுங்கள், மேலே சொன்ன மாதாந்த விருதுக்கு உங்கள் வேலையைத் தெரிவு செய்யுங்கள். எந்தக் காலத்தில், எங்கே இருந்தபோது கிடைத்தது என்பது விளக்கம் இல்லாமலே விளங்கிவிடும். இரண்டாமிடம் என்றே எழுதுங்கள், "விருது பெற்றவர்" என்று பொதுவாக மழுப்பினால் முதலிடமோ என்று ஒருவர் நினைத்துப் பிறகு ஏமாறுவார், அந்த ஏமாற்றம் உங்கள் மீதுதான் விழும்.

மற்றவை சுருக்கமாக. ஓ.எல் 9 ஏ கல்விப் பகுதிக்குரியது, பட்டம் முடித்து நாலு வருடம் வேலையும் செய்த பிறகு அங்கேயும் அவசியமில்லை. மாணவத் தலைவர் பதவி கல்விப் பதிவுக்குள் `Activities and societies` என்ற கட்டத்தில் போகலாம். மகாபொல, திறமை அடிப்படையில் கிடைத்த பிரிவு என்றால் கல்விப் பகுதியில் ஒரு வரி, சாதாரணப் பிரிவு என்றால் வேண்டாம். குடும்ப வருமானமும் சேர்ந்துதான் அது தீர்மானமாகிறது, இங்கே படித்த எல்லோருக்கும் அது தெரியும்.

தமிழ் மொழித் தினப் போட்டியை விடச் சொல்ல எனக்கும் மனமில்லை, எங்கள் பக்கத்தில் அதற்கு எவ்வளவு ஆயத்தம் நடக்கும் என்பது தெரியும். ஆனால் பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை என்று படி ஏறும் போட்டி அது, வலயத்தில் மூன்றாமிடம் என்பது நடுப் படி, கொழும்பில் வங்கிக்கு ஆள் எடுப்பவருக்கு அந்தப் படிகளே தெரியாமலும் இருக்கலாம். வங்கி வேலைக்கு எடுத்துவிடுங்கள். இதே போட்டியில் அகில இலங்கை வரை போன ஒருவர் தமிழ் ஊடகத்துக்கோ ஆசிரியர் வேலைக்கோ விண்ணப்பித்தால், நான் அதை மேலேயே வைக்கச் சொல்வேன், கூடவே அந்தப் படிகளையும் ஒரு வரியில் விளக்கச் சொல்வேன்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. தனியார் அமைப்புகள் மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் பட்டங்கள் இருக்கின்றனவே, தேசமான்ய, சாமஸ்ரீ, கௌரவ கலாநிதி என்று, அவற்றை இந்தப் பிரிவில் போடாதீர்கள். தேசமான்ய உண்மையில் ஜனாதிபதி வழங்கும் அரச கௌரவம், அதே பெயரை ஒரு சங்கம் கொடுத்தால் வாசிக்கிறவருக்குச் சிரிப்புத்தான் வரும், உங்களுடைய நல்ல இரண்டு விருதையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும். கலாசாரத் திணைக்களத்தின் கலாபூஷணம் மாதிரி அரசு கொடுத்தது என்றால் அது வேறு விஷயம். அடையாளம் காண்பது லேசு: விருது அறிவிக்கப்படுவதற்கு முன்பே உங்களிடம் பணம் கேட்டார்களா, `Issuer` கட்டத்தில் போடும் பெயரைத் தேடினால் அந்த விழாப் படங்களைத் தவிர வேறு ஏதாவது வருகிறதா.

அப்புறம் சீவி. அங்கே விருதுகளுக்கு இரண்டே வரி, அனுபவத்துக்கும் கல்விக்கும் கீழே. லிங்க்ட்இனில் இருக்கும் பெயரும் மாதமும் அதில் அப்படியே இருக்க வேண்டும், ஒன்றில் மார்ச் மற்றதில் மே என்று இருந்தால் சரிபார்க்கிறவர் கண்ணில் அதுதான் முதலில் படும். சான்றிதழில் திகதியோ தெரிவு முறையோ இல்லாவிட்டால், கம்பனியை விட்டு விலகுவதற்கு முன்பே கிளை முகாமையாளரிடம் அதை ஒரு சிறு கடிதமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், விலகிய பிறகு போய்க் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.