பொங்கல் வீடியோவுக்குப் பிறகு ரீச் ஏன் விழுந்தது?

“அண்ணா, புதுக்குடியிருப்பில் இருந்து பனங்கட்டி, ஒடியல் மா, பினாட்டு விற்கிற முகநூல் பக்கம் நடத்துகிறேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வீடியோவைப் போட்ட பிறகு, அடுத்த பதிவொன்றை 3,000 பேர் பார்த்தார்கள். இப்போது 400 பேர்தான். முகநூல் நிறுவனம் என் பக்கத்தை மறைத்து வைத்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். பூஸ்ட் பண்ணுவதை நிறுத்தியதால்தான் என்றும் சொல்கிறார்கள். பக்கத்தின் கணக்குகளைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். எது உண்மை?”

தங்கச்சி, 3,000 என்ற எண்ணை முதலில் ஒதுக்கி வையுங்கள். பொங்கலுக்கு முந்தைய பத்துப் பதிவுகளின் ரீச்சைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதிப் பார்த்தேன். நடுவில் வருவது 380. கடைசிப் பத்துப் பதிவுகளுக்கு அதே நடு எண் 400. சராசரி எடுக்காமல் நடு எண்ணை எடுக்கச் சொல்வது ஏனென்றால், 41,000 பேர் பார்த்த அந்தப் பொங்கல் வீடியோ போல ஒன்று கணக்கில் சேர்ந்தாலே சராசரியைத் தூக்கிவிடும். ஆக, உங்கள் ரீச் பழைய இடத்துக்குத்தான் திரும்பியிருக்கிறது.

ஆனாலும் உங்கள் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. பொங்கலுக்கு முன் 2,100 பேர் பின்தொடர்ந்தார்கள், இப்போது 6,200 பேர். ஆள் மூன்று மடங்காகியும் ரீச் ஏன் அசையவில்லை? இதற்கு விடை, ரீச்சைப் பின்தொடர்பவர்கள், மற்றவர்கள் என்று பிரித்துக் காட்டும் பகுதியில் இருக்கிறது. முன்பு ஒரு பதிவைப் பின்தொடர்பவர்களில் ஏறக்குறைய 300 பேர் பார்த்தார்கள், இப்போது 340 பேர். அதாவது நூற்றுக்குப் பதினான்கு பேர் பார்த்த இடத்தில் ஐந்தாறு பேர்தான் பார்க்கிறார்கள். பழைய ஆட்கள் போய்விடவில்லை. புதிதாக வந்த நாலாயிரம் பேர்தான் உங்கள் பதிவுகளைப் பார்ப்பதில்லை.

அவர்கள் யார் என்பதை, பின்தொடர்பவர்களின் ஊர்களைக் காட்டும் பட்டியல் சொல்கிறது. முன்பு முல்லைத்தீவும் கிளிநொச்சியும் முன்னுக்கு நின்றன. இப்போது டொரன்டோவும் லண்டனும் நிற்கின்றன. அம்மன் கோயிலைக் கண்டு மனம் உருகிப் பக்கத்தைத் தொடர்ந்தவர்கள் அவர்கள். முகநூல் ஒவ்வொருவருடைய திரையையும் அவரவர் நடத்தையைப் பார்த்துத் தனியாக அடுக்குகிறது. வந்த புதிதில் அவர்களுக்கு உங்கள் அடுத்த ஓரிரு பதிவுகளைக் காட்டியிருக்கும். 3,000 வந்தது அப்படித்தான். ஒடியல் மா விலையை அவர்கள் நிற்காமல் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள், அப்புறம் காட்டுவதும் குறைந்திருக்கும். இதைச் சோதிக்கலாம். பழைய கோயில் படம் ஒன்றையும் பனங்கட்டிப் படம் ஒன்றையும் வேறு வேறு நாளில் ஒரே நேரத்தில் போடுங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்து, கோயில் படத்துக்கு மட்டும் எண் ஏறினால் நான் சொன்னதுதான் காரணம்.

மறைத்து வைத்திருக்கிறார்கள் என்ற பேச்சை ஊகத்தில் விட வேண்டாம். உங்கள் பக்கத்தின் Professional dashboard உள்ளே Page status என்று இருக்கும். விதிமீறலோ கட்டுப்பாடோ இருந்தால் அங்கே எழுதியிருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒன்றும் இல்லை. பூஸ்ட் விஷயத்தில், காசு கொடுத்து வந்த பார்வை தனி, தானாக வந்தது தனி. இரண்டையும் கூட்டிய வரைபடத்தைப் பார்த்தால், பூஸ்ட் முடிந்த அன்றே கோடு சரியும். அது தண்டனை இல்லை, காசுக்கு வந்த பங்கு நின்றதுதான். ‘முகநூல் 26 நண்பர்களுக்கு மட்டும்தான் காட்டுகிறது, இதை நகல் எடுத்துப் போடுங்கள்’ என்று சுற்றும் செய்தியையும் விட்டுவிடுங்கள். அது பொய் என்று முகநூல் நிறுவனமே 2019-இல் சொல்லிவிட்டது.

எனக்குக் கவலை தருவது உங்கள் கடைசி நாலைந்து பதிவுகள். ‘அம்மனை நம்பினால் லைக் போடுங்கள், பத்துப் பேருக்குப் பகிருங்கள்’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறீர்கள். இப்படி லைக்கும் பகிர்வும் கேட்டு வாங்கும் பதிவுகளைக் கீழே இறக்குவதாக முகநூல் 2017 டிசம்பரில் அறிவித்தது. திரும்பத் திரும்பச் செய்கிற பக்கங்களுக்கு மொத்த ரீச்சே குறையும் என்றும் சொன்னது. இதுவரை தப்பியிருக்கிறீர்கள், இன்றோடு நிறுத்துங்கள். மற்றவர்களின் கோயில் வீடியோக்களை எடுத்துப் போடவும் வேண்டாம், அதற்கும் ரீச்சைக் குறைக்கிறார்கள்.

அந்த நாலாயிரம் பேரை இழுத்துப் பிடிக்க உங்கள் பக்கத்தை மாற்றாதீர்கள். வெளிநாட்டுக்குப் பொதி அனுப்ப முடிந்தால் அவர்களும் வாடிக்கையாளர்கள்தான். முடியாவிட்டால் 6,200 என்ற எண்ணை மறந்துவிட்டு, ஒவ்வொரு பதிவுக்கும் எத்தனை பேர் வாட்ஸ்அப்பில் விலை கேட்டார்கள் என்று கொப்பியில் குறித்து வாருங்கள். பொங்கலுக்கு முன் வந்த அளவு விசாரிப்பு இப்போதும் வந்தால் வியாபாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. அந்த 340 பேரும் ஒரே வாரத்தில் நூறுக்குக் கீழே இறங்கினால் Page status-ஐ மறுபடி திறந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.