சுவரில் சாய்த்த ஏணி: வந்த கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கணக்கைப் பற்றியவை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்த கணக்குதான். 5 மீட்டர் ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடியை யாரோ சுவரை விட்டு வெளியே, நொடிக்கு 2 செ.மீ. வேகத்தில் இழுக்கிறார்கள். அடி சுவரிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கும்போது, ஏணியின் நுனி எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகிறது? கீழே வரும் பதில்களில் சுவருக்கும் அடிக்கும் உள்ள தூரம் x, தரையிலிருந்து நுனியின் உயரம் y.

டோம்பிவிலியிலிருந்து ஒரு மாணவி: விடை −8/3 என்று எழுதுவதா, 8/3 என்று எழுதுவதா?

dy/dt என்று கேட்டால் −8/3. "எவ்வளவு வேகமாக இறங்குகிறது" என்று கேட்டால் 8/3 செ.மீ./நொடி; இறங்குகிறது என்ற சொல்லிலேயே அந்தக் கழித்தல் குறி இருக்கிறது. "−8/3 வேகத்தில் இறங்குகிறது" என்று எழுதினால் ஏணி மேலே ஏறுகிறது என்று பொருள்.

அந்தேரியிலிருந்து: "ஏணிக் கணக்குக்கு எனக்கு 1.5 வருகிறது, சரியா டீச்சர்?"

எந்தக் கணக்கு, எந்த எண்கள், எந்த இடத்தில் தடுமாறினாய், ஒன்றையும் எழுதவில்லை. விடையை மட்டும் அனுப்பினால் நான் எதைத் திருத்துவது? இந்தக் கணக்காகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 1.5 என்பது 2 × 3/4. வரவேண்டியது 2 × 4/3. பின்னத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறாய். படத்தில் x எது, y எது என்று எழுதாமல் நேரே சமன்பாட்டுக்குப் போனால் இப்படித்தான் ஆகும். படம் முதலில், எண் கடைசியில்.

முலுண்டிலிருந்து ஒரு மாணவன்: பிதாகரஸ் சமன்பாடு எழுதி வகையிட்டால் dy/dt = 0 என்று வருகிறது. எங்கே தப்பு?

நீ உன் வழிமுறையை முழுசாக எழுதி அனுப்பியிருக்கிறாய், அதற்கு நன்றி. தப்பு உன் இரண்டாவது வரியில் இருக்கிறது:

16 + y² = 25

இதை எழுதியதுமே ஏணியின் அடியை 4 மீட்டரில் ஆணி அடித்து நிறுத்திவிட்டாய். அடி நகராவிட்டால் நுனி எப்படி இறங்கும்? 16-ம் மாறிலி, 25-ம் மாறிலி, வகையிட்டால் 2y dy/dt = 0. கணிதம் உனக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறது. நீ கேட்ட கேள்விதான் வேறு. நொடிக்கு 2 செ.மீ. என்ற எண்ணை எங்கேயும் பயன்படுத்தவே இல்லை என்பதைக் கவனித்தாயா? கொடுத்த வீதம் ஒன்று உபயோகமில்லாமல் மிச்சம் இருந்தால், எண்ணை அவசரப்பட்டுப் போட்டுவிட்டாய் என்று அர்த்தம்.

இந்த ஒரு தப்பைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாக வருத்தம் உண்டு. இது பிள்ளைகளாகச் செய்வதில்லை, கற்றுக்கொடுக்கப்படுவது. வேறொரு வகுப்பிலிருந்து என்னிடம் வந்த ஒரு பையன் அங்கே கொடுத்த அச்சிட்ட தாளைக் காட்டினான். முதல் வரியிலேயே "கொடுக்கப்பட்டவை: L = 5, x = 4, y = 3". மூன்றும் ஒரே வரிசையில், ஒரே மாதிரி. அந்தத் தாளைப் பார்க்கும் பிள்ளைக்கு மூன்றும் ஒரே ஜாதி எண்கள் என்றுதானே தோன்றும்? 5 என்பது ஏணி சாய்ந்திருக்கும் நேரம் முழுக்க 5. 4-ம் 3-ம் ஒரு கணத்துக்கு மட்டும் உண்மை. அடுத்த நொடியில் 4 என்பது 4.02 ஆகிவிடும். கடைசியில் விடை வரவில்லை என்றால் பிள்ளைகள் விடைத்தாளைப் பார்த்து 8/3 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். தேர்வில் எண்ணை மாற்றிக் கொடுத்தால் திரும்பவும் பூஜ்யம்.

என் வகுப்பில் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரிக்கச் சொல்வேன். இடது பக்கம் தலைப்பு "எப்போதும்": L = 5, dx/dt = 2. வலது பக்கம் "அந்தக் கணத்தில்": x = 4. வகையிட்டு முடிக்கும் வரை வலது பத்தியைக் கையால் மூடிவை. இடது பக்கத்தில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் போடலாம். அதனால் 25 என்று முதலிலேயே எழுதியதில் தப்பில்லை. இழுத்து நீட்டுகிற ஏணி என்று கணக்கில் வந்தால் மட்டும் L-ம் மாறி ஆகிவிடும். அப்போது அதையும் எழுத்தாகவே வைத்து வகையிட வேண்டும்.

இப்போது கணக்கைப் பார். எந்தக் கணத்துக்கும் பொருந்தும் சமன்பாடு இது:

x² + y² = 25

இதில் x, y இரண்டும் நேரத்தைப் பொறுத்தவை. t-ஐப் பொறுத்து வகையிட்டால், சங்கிலி விதிப்படி ஒவ்வொன்றின் பின்னாலும் அதனதன் வீதம் ஒட்டிக்கொண்டு வரும்:

2x dx/dt + 2y dy/dt = 0

அதாவது

dy/dt = −(x/y) dx/dt

இப்போது கையை எடு. x = 4. y கொடுக்கப்படவில்லை, முதல் சமன்பாட்டிலிருந்து 3 என்று கிடைக்கும். dy/dt = −(4/3) × 2 = −8/3, சுமார் −2.67 செ.மீ./நொடி.

நம்பிக்கை வரவில்லை என்றால் கால்குலேட்டரை எடு. ஒரு நொடி கழித்து x = 4.02. y = √(25 − 16.1604), அதாவது 2.9731 மீட்டர் அளவுக்கு. 3 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 2.69 செ.மீ. இறங்கியிருக்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு எடுத்துப் பார்த்தால் வேகம் 2.67-க்கு இன்னும் நெருங்கும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாது.

செம்பூரிலிருந்து ஒரு தகப்பனார்: ஏணி மீட்டரில், வேகம் செ.மீ.-இல். மாற்ற வேண்டாமா?

இந்தக் கணக்கில் x/y என்பது மீட்டரை மீட்டரால் வகுப்பது, அலகு அடிபட்டுப் போய்விடுகிறது. அதனால் தப்பித்தோம். எல்லாக் கணக்கிலும் தப்பிக்க முடியாது, கீழே பரப்பளவுக் கேள்வியைப் பாருங்கள். மாற்றி எழுதுகிற பழக்கமே நல்லது.

தாராவியிலிருந்து ஓர் அம்மா: ஏணி வளையாத ஒரே கட்டைதானே, அடி போகிற வேகத்திலேயே நுனியும் வர வேண்டாமா என்று மகன் கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நல்ல கேள்வி கேட்டிருக்கிறான் அம்மா. வீட்டில் ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு குச்சி இருந்தால் போதும். சுவரோரம் தரையில் 60, 70, 80, 90 செ.மீ.-இல் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். குச்சியின் அடியை ஒவ்வொரு கோட்டிலும் வைத்து, நுனி தொடும் இடத்தைச் சுவரில் குறிக்கட்டும். அடி 60-இல் இருக்கும்போது நுனி 80 செ.மீ. உயரத்தில் இருக்கும். 70-க்கு நகர்த்தினால் 71.4. அப்புறம் 60, அதன்பின் 43.6. கடைசிப் பத்து செ.மீ. நகர்த்தினால் குச்சி தரையில் படுத்துவிடும்.

அடி ஒவ்வொரு முறையும் அதே பத்து செ.மீ.தான் நகர்ந்தது. நுனி இறங்கியதோ முதலில் 8.6, அடுத்து 11.4, அடுத்து 16.4, கடைசியில் 43.6. சுவரில் இருக்கும் அந்தக் கோடுகளுக்கு இடையில் உள்ள இடைவெளியைத்தான் x/y என்ற பின்னம் சொல்கிறது. குச்சி நிமிர்ந்து நிற்கும்போது x சின்னது, நுனி மெதுவாக இறங்கும். 45 டிகிரியில் மட்டும் அடியும் நுனியும் ஒரே வேகம். அதற்குக் கீழே நுனிக்குத்தான் வேகம் அதிகம்.

மாட்டுங்காவிலிருந்து ஒருவர்: கோணம் மாறும் வீதம் என்ன?

எந்தக் கோணம்? தரையோடா, சுவரோடா? ஒன்று குறையும், மற்றது கூடும். படத்தில் குறிக்காமல் கேட்காதீர்கள். தரையோடு உள்ள கோணம் θ என்று எடுத்துக்கொண்டால் cos θ = x/5. வகையிட்டால் −sin θ dθ/dt = (1/5) dx/dt. sin θ என்பது y/5, ஆகவே dθ/dt = −(dx/dt)/y = −2/300, நொடிக்குச் சுமார் 0.0067 ரேடியன் குறைகிறது. டிகிரியில் 0.4-க்குக் கொஞ்சம் கீழே. இங்கே 3 மீட்டரை 300 செ.மீ. என்று மாற்றியிருப்பதைக் கவனியுங்கள்.

பவாயிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்: y பூஜ்யத்தை நெருங்கும்போது dy/dt முடிவிலிக்குப் போகிறதே. ஏணியின் நுனி ஒளியை விட வேகமாகவா விழும்?

விழாது. x² + y² = 25 என்ற சமன்பாடு ஒரு நிபந்தனையோடு வருகிறது: நுனி சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சுவர் ஏணியை வெளியே தள்ளும், உள்ளே இழுத்துப் பிடிக்காது. அடி சீரான வேகத்தில் போகிறது என்பதால், அதோடு சேர்ந்து நகர்ந்தபடி பார்த்தால் ஏணி அடியை மையமாகக் கொண்டு சாயும் ஒரு கட்டை. புவியீர்ப்பு அதற்குக் கொடுக்கும் கோண முடுக்கம் (3g/2L) cos θ. சுவரை விடாமல் இறங்க வேண்டுமானால் தேவைப்படும் கோண முடுக்கம், மேலே உள்ள dθ/dt-ஐ இன்னொரு தடவை வகையிட்டால் கிடைக்கும். ஏணி படுக்கப் படுக்க இந்தத் தேவை ஏறிக்கொண்டே போகும். அடியை இழுக்கும் வேகம் v என்றால், இரண்டும் சமமாகும் உயரத்தில்

y³ = 2v²L²/(3g)

நம் எண்களைப் போட்டால், சுவர் வழவழப்பானது, ஏணி சீரான எடை உள்ளது என்ற அளவில், y சுமார் 9 செ.மீ. அதாவது ஐந்து மீட்டர் ஏணி கிட்டத்தட்டத் தரையோடு படுத்த பிறகுதான் நுனி சுவரை விட்டு விலகுகிறது. அந்த நேரத்தில் நுனியின் வேகம் நொடிக்கு 1.1 மீட்டர் அளவு. அதற்குப் பிறகு பிதாகரஸ் சமன்பாடு செல்லாது, முடிவிலி என்ற பேச்சுக்கே இடமில்லை. இழுக்கும் வேகம் கூடினால் இன்னும் உயரத்திலேயே விலகிவிடும்.

டோம்பிவிலி மாணவியே இன்னொரு கேள்வி: ஏணிக்குக் கீழே உள்ள முக்கோணத்தின் பரப்பு கூடுமா, குறையுமா?

பரப்பு A = xy/2. இரண்டும் மாறிகள், ஆகவே பெருக்கல் விதி: dA/dt = (x dy/dt + y dx/dt)/2. திரும்பவும் சொல்கிறேன், வகையிட்ட பிறகுதான் எண். x = 400, y = 300 செ.மீ. என்று மாற்றிப் போட்டால் நொடிக்குச் சுமார் 233 சதுர செ.மீ. குறைகிறது. 4 என்றும் 3 என்றும் அப்படியே போட்டிருந்தால் 2.33 என்று வந்து, அலகு என்ன எழுதுவது என்று விழித்திருப்பாய். ஆரம்பத்திலிருந்தே குறைவதும் இல்லை. ஏணி 45 டிகிரிக்கு வரும் வரை, அதாவது அடி சுமார் 3.5 மீட்டர் போகும் வரை, பரப்பு கூடிக்கொண்டே போய் 6.25 சதுர மீட்டரைத் தொடும். அதற்கப்புறம்தான் குறையத் தொடங்கும்.