அறிவிப்பில் வட்டி குறைந்தால் நம் பணத்துக்கும் குறையுமா?

"நானும் மனைவியும் ஓய்வு பெற்றவர்கள். வங்கியில் 5 வருடத்துக்கு 7% தருகிறார்கள். அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டத்தில் 8.2%, ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்களாமே? 15 லட்சம் இருக்கிறது."

ஐயா, மாறுவது புதிதாகப் போடுபவர்களுக்கு மட்டும்தான். நிதி அமைச்சகம் ஒவ்வொரு காலாண்டுக்கும் வெளியிடும் விகிதம், அந்தக் காலாண்டில் தொடங்கும் கணக்குகளுக்கு உரியது. நீங்கள் பணம் போடும் நாளில் 8.2 என்றால் 5 வருடமும் அதேதான். அதனால் அறிவிப்பில் விகிதத்தோடு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதையும் பாருங்கள்.

15 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும். வங்கியில் அதே முறையில் வாங்கினால் 26,250. வங்கிக்காரர் முதிர்வுத் தொகையைப் பெரிதாகக் காட்டினால் குழம்ப வேண்டாம். அது வட்டியைத் தொடாமல் விட்டு வைத்தால் வரும் கணக்கு. அஞ்சலகத் திட்டத்தில் வட்டிக்கு வட்டி கிடையாது, எடுக்காமல் விட்டால் சும்மா கிடக்கும். சேமிப்புக் கணக்குக்கு வரும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரே கவலை அவசரச் செலவுதான். ஒரு வருடத்துக்குள் கணக்கை மூடினால் கொடுத்த வட்டி முழுவதையும் அசலில் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் 1.5%, அதற்குப் பிறகு 1%. நானாக இருந்தால் மருத்துவச் செலவுக்கென்று 3 லட்சத்தை வங்கியிலேயே வைத்துவிட்டு, மீதி 12 லட்சத்தை உங்கள் பெயரிலும் அம்மா பெயரிலும் ஆறு ஆறாக இரண்டு கணக்கில் போடுவேன். ஒன்றை உடைக்க நேர்ந்தாலும் மற்றதற்குச் சேதம் இல்லை.