டெல்டா அரிசி ஆலைக்கு டிஸ்கவுன்ட் ரேட்: பீட்டா எங்கே, வறட்சி எங்கே?

கேள்வி: மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறோம். 8 கோடியில் புழுங்கல் யூனிட் போட யோசனை, பாதி வங்கிக் கடன். லிஸ்ட் ஆன அரிசி கம்பெனிகளின் பீட்டா 0.95 என்று எடுத்து, சொந்த முதலுக்கு எவ்வளவு வருமானம் எதிர்பார்க்கலாம் என்று சொல்லும் சிஏபிஎம் சூத்திரத்தில் போட்டேன். வருங்கால வரவை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் டிஸ்கவுன்ட் ரேட்டில், மேட்டூர் தண்ணீர் வராத வருஷத்துக்காக 5 சதவீதம் கூட்டினேன். சரியா?

பதில்: இரண்டு இடத்தில் தவறு. ஒன்று ரேட்டைக் குறைக்கிறது, மற்றது ஏற்றுகிறது. ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் பீட்டா, அதாவது சந்தை ஏறி இறங்கும்போது ஒரு பங்கு எவ்வளவு சேர்ந்து ஆடுகிறது என்ற அளவு. உங்கள் ஆலைக்குப் பங்குச்சந்தை விலை கிடையாது, அதனால் இரவல் வாங்கித்தான் ஆக வேண்டும். கேஆர்பிஎல், எல்டி ஃபுட்ஸ் மாதிரிப் பெயர்கள்தான் கிடைக்கும். அவை பாஸ்மதி ஏற்றுமதிக்காரர்கள், நம்மூர் புழுங்கல் வியாபாரம் வேறு. ஆனாலும் வேறு போக்கில்லை. 60 மாதத்துக்கு மாதாமாதம் விலை எத்தனை சதவீதம் ஏறி இறங்கியது என்று எடுத்து, பங்கை முன்னாலும் சந்தைக் குறியீட்டைப் பின்னாலும் வைத்து எக்ஸெலில் இப்படிப் போட வேண்டும்:

```
=SLOPE(B2:B61, C2:C61)
```

இடம் மாறினால் விடை தப்பாகும், எக்ஸெல் சத்தமே போடாது. ஒரு கம்பெனியின் பீட்டாவை மட்டும் நம்பவும் கூடாது. திட்டப் பிழை 0.25 வந்தால், 0.95 என்பது 0.45 ஆகவும் இருக்கலாம், 1.45 ஆகவும் இருக்கலாம். நாலைந்தின் இடைநிலை மதிப்பை எடுங்கள்.

உங்கள் 0.95 அப்படித்தான் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குள் அந்தக் கம்பெனிகளின் கடன் பளுவும் கலந்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு ரூபாய் சொந்த முதலுக்கு 25 பைசா கடன் என்று கொள்ளுங்கள் (சந்தை மதிப்பில்). உங்களுக்கோ ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய். அவர்கள் கடனைக் கழற்றிவிட்டு உங்கள் கடனை மாட்ட வேண்டும். கடன் கழற்றிய பீட்டா βu, உங்கள் கடன் மாட்டிய பீட்டா βe, சொந்த முதலுக்கு எதிர்பார்க்கும் வருமானம் Re. வரி 25 சதவீதம் என்றால்:

```
βu = 0.95 / (1 + 0.75 × 0.25) = 0.80
βe = 0.80 × (1 + 0.75 × 1.00) = 1.40
Re = 7 + 1.40 × 6 = 15.4
```

7 என்பது 10 வருஷ அரசுப் பத்திரம் தரும் வட்டி என்று வைத்தது. போடும் நாளில் பார்த்து மாற்றுங்கள். வரவு 10 வருஷத்துக்கு என்பதால் 91 நாள் அரசு பில்லின் வட்டி இங்கே பொருந்தாது. 6 என்பது சந்தை கூடுதலாகத் தரும் என்று நான் கொள்ளும் அளவு, அது வாதத்துக்குரியது.

கழற்றி மாட்டாமல் 0.95-ஐ அப்படியே போட்டால் 12.7 வரும். கடன் வட்டி 11, வரி போக 8.25. பாதிக்குப் பாதி கலந்தால் உங்கள் வழியில் 10.5, சரியான வழியில் 11.8. வருஷத்துக்கு 1.37 கோடி வீதம் 10 வருஷம் வந்தால் வரவின் இன்றைய மதிப்பில் 8 கோடி முதலைக் கழித்த என்பிவி முதல் ரேட்டில் சுமார் 25 லட்சம் லாபம், இரண்டாவதில் 20 லட்சம் நஷ்டம். முடிவே புரண்டுவிடுகிறது. (இந்தச் சூத்திரம் கடனுக்குப் பீட்டா சுழி என்று எடுத்துக்கொள்கிறது. பாதி கடன் இருக்கும்போது 15.4 சற்றுக் கூடுதலாகவே தெரியும்.)

இனி அந்த 5 சதவீதம். போன வருஷம் ஒரு ஆலைக்காரர் நெல் காயும் களத்தில் நின்றுகொண்டே என்னிடம் கேட்டார், "ஜூன் 12 அன்னிக்கு மேட்டூர் தொறக்கலன்னா எனக்குக் குறுவை நெல்லே வராதே தம்பி, அது ரிஸ்க் இல்லையா?" ரிஸ்க்தான். ஆனால் பீட்டா அளப்பது சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்குவதை மட்டும். காவிரி வற்றுவதற்கும் மும்பைச் சந்தைக்கும் பெரிதாகத் தொடர்பில்லை. அதனால் வறட்சியை வரவிலேயே காட்ட வேண்டும்: நல்ல வருஷம் 1.55 கோடி, தண்ணீர் இல்லாத வருஷம் 65 லட்சம், ஐந்தில் ஒன்று அப்படி என்றால் சராசரி அதே 1.37 கோடி.

ரேட்டில் கூட்டினால் என்ன ஆகிறது பாருங்கள். 11.8-ஐ 16.8 ஆக்கினால் முதல் வருஷ வரவின் மதிப்பு 4 சதவீதம்தான் குறையும், பத்தாம் வருஷத்துடையது 35 சதவீதம் குறையும். வறட்சி அப்படியா வருகிறது? எந்த வருஷமும் ஐந்தில் ஒரு வாய்ப்புதான். ஒவ்வொரு வருஷ வரவையும் 1.55-லிருந்து 1.37 ஆக, அதாவது ஒரே மாதிரி 12 சதவீதம் குறைப்பதுதான் நியாயம். 1.37-ஐப் போட்டுவிட்டு 5 சதவீதமும் கூட்டினால் ஒரே வறட்சிக்கு இரண்டு முறை அபராதம்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் பயம் சரி. சிஏபிஎம் பல இடத்தில் பணத்தைப் பிரித்துப் போட்டவருக்கான கணக்கு. உங்கள் வீடு, நிலம், ஆலை மூன்றுமே ஒரே வாய்க்கால் தண்ணீரை நம்பி நிற்கின்றன. அதற்கு ரேட்டை ஏற்றாமல் தவணையைச் சோதியுங்கள். 4 கோடி, 11 சதவீதம், 7 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 6.85 லட்சம், வருஷத்துக்கு 82 லட்சம். வறண்ட வருஷத்தில் வருவது 65. வட்டிக்கான வரிச் சலுகையைச் சேர்த்தாலும் ஆரம்ப வருஷங்களில் துண்டு விழும். கடனைக் குறைப்பதா, தவணைக் காலத்தை நீட்டிக் கேட்பதா என்று வங்கி மேலாளரிடம் முதலில் பேசிவிடுங்கள்.