பீர்க்கங்காய்த் தோல் துவையலில் நாரும் கைப்பும்

“அக்கா, பீர்க்கங்காய்த் தோலை எறிய மனமில்லாமல் துவையல் அரைத்தேன். வாயில் நார் நாராகத் தட்டுப்பட்டது, கொஞ்சம் கைத்தது. பிள்ளைகள் தொடவில்லை. எங்கே பிழை விட்டேன்? தோலில்தான் பூச்சிமருந்து இருக்கும் என்று இவரும் ஏசுகிறார். வேறு எந்தத் தோல், தண்டை இப்படிச் சமைக்கலாம்?”
– வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

முதலில் காயைப் பார்க்கவேண்டும், தங்கச்சி. பீர்க்கு முற்ற முற்ற அதற்குள் வலைபோல நார் பின்னிக்கொண்டு வரும். முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூட்டை உடம்பு தேய்க்க வைத்திருப்பார்களே, அந்த நார்தான். சந்தையில் காயைக் கையில் தூக்கிப் பாருங்கள். நீளத்துக்கு ஏற்ற பாரம் இருந்தால் பிஞ்சுப் பக்கம். ஆள் பெரிது, பாரம் இல்லை, நிறமும் மங்கிவிட்டது என்றால் அது முற்றல். முற்றல் காயின் சதை கறிக்கு ஓரளவு உதவலாம், தோல் துவையலுக்கு உதவாது. வீட்டுக்கு வந்தபிறகு தோலில் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நகம் இலகுவாகப் பதியவேண்டும்.

பிஞ்சுக் காயாக இருந்தாலும் அதன் நீளத்துக்கு ஓடும் பத்து வரம்புகளின் விளிம்பு கடினம்தான். பெரும்பாலான வீடுகளில் வரம்பையும் தோலையும் ஒன்றாகச் சீவி ஒரே கிண்ணத்தில் போட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். வரம்புகளின் விளிம்பை முதலில் மெல்லியதாகச் சீவி எறிந்துவிடுங்கள். அதன்பிறகு சீவுகிற பச்சைத் தோல்தான் துவையலுக்கு. தோலோடு கொஞ்சம் சதை ஒட்டி வந்தால் நல்லது, துவையல் மெத்தென்று வரும்.

இன்னொன்று, சீவிய தோலை நீளவாக்கிலேயே கிரைண்டரில் போடக்கூடாது. எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் நீள நார் அறுபடாது, கத்தியில் சுற்றிக்கொள்ளும். அடுத்த முறை ஜாரைக் கழுவும்போது கத்தியின் அடியைப் பாருங்கள், நூல்போலச் சுருண்டு கிடக்கும். தோலைக் கட்டாகப் பிடித்து, குறுக்காக, விரல் நகத்தின் பாதி அளவுக்குப் பொடியாக வெட்டிவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை.

நான் செய்கிற அளவைச் சொல்கிறேன். நடுத்தரமான இரண்டு காயின் தோல், வெட்டினால் ஒன்றரைக் கோப்பை வரும். தாச்சியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, ஒரு மேசைக்கரண்டி உழுத்தம்பருப்பு, ஒரு மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, நாலு செத்தல் மிளகாய் போட்டு மெல்லிய நெருப்பில் வறுக்கவேண்டும். பருப்பு பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். அதே தாச்சியில் மூன்று பல் உள்ளி, ஒரு நெட்டு கறிவேப்பிலை, தோல் எல்லாம் போட்டு நடுத்தர நெருப்பில் எட்டுப் பத்து நிமிடம் வதக்குங்கள். பளிச்சென்ற பச்சை மங்கி, தோல் பாதியாகச் சுருங்கி, பச்சை வாசம் போகவேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு அரைத்தாலும் சவசவ என்றுதான் இருக்கும்.

ஆறியபிறகு முதலில் பருப்பையும் மிளகாயையும் தண்ணீர் விடாமல் பொடியுங்கள். பிறகு மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, அரை நெல்லிக்காய் அளவு பழப்புளி, உப்பு. கடைசியாகத் தோல். தண்ணீரைக் கரண்டியால் தெளித்துத் தெளித்து, கொரகொரப்பாக நிறுத்திவிடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் பருப்பு அரைபடத் தண்ணீர் கூடிவிடும், துவையல் சட்னியாகிவிடும். தேங்காய் சேர்த்த துவையலைக் கொழும்பு வெக்கையில் வெளியே வைத்து இரவுக்குப் பாவிக்காதீர்கள். பிரிஜ்ஜில் இரண்டு நாள் நிற்கும்.

இனிக் கைப்பு. இதை மட்டும் கவனமாக வாசியுங்கள். பீர்க்கு, சுரை, வெள்ளரி, பூசணி எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துக் காய்களில் சிலநேரம் குக்குர்பிட்டாசின் என்ற கைப்புப் பொருள் கூடிவிடும். அது வயிற்றைக் கலக்கும், வாந்தியும் வயிற்றோட்டமும் வரவைக்கும். வதக்கினாலும் அவித்தாலும் போகாது. புளியும் சீனியும் போட்டால் நாக்குக்கு மறையுமே தவிர, வயிற்றுக்கு மறையாது. முன்பு ஒரு தடவை நான் அப்படிப் புளி கூட்டிச் சமாளித்துவிட்டு, இரவு முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அதனால் இப்போது காயை வெட்டியதும் சதையில் ஒரு சின்னத் துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பேன். கைத்தால் துப்பிவிட்டு, தோல் சதை இரண்டையும் எறிந்துவிடுவேன். எறியக்கூடாது என்று நினைத்துத்தான் தோலைச் சமைக்கிறோம், ஆனால் இந்த ஒரு காயை எறியத்தான் வேண்டும்.

பச்சைக் காய் கைக்காமல் துவையல் மட்டும் கைத்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பருப்போ உள்ளியோ கருகியிருக்கும், அல்லது செத்தல் மிளகாய் கறுத்திருக்கும். நெருப்பைக் குறைத்தால் சரி.

மருந்தைப் பற்றி உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தெளித்த மருந்தில் பெரும்பங்கு தோலின் மேல்தான் இருக்கும். சீவுவதற்கு முன்பே முழுக் காயாகக் கழுவவேண்டும், ஏனென்றால் அழுக்கு வரம்புகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில்தான் தங்கும். ஓடும் தண்ணீரில் விரலால் பள்ளம் பள்ளமாகத் தேயுங்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, கால் மணித்தியாலம் ஊறவிட்டு, மறுபடி நன்றாக அலசுங்கள். மேலே ஒட்டியிருப்பதில் நிறையப் போகும். செடி உறிஞ்சி உள்ளே சேர்த்ததை எந்தக் கழுவலும் எடுக்காது. ஆகவே கைக்குழந்தைக்கு ஊட்டுகிற சாப்பாட்டில் தோலைச் சேர்க்கவேண்டாம் என்பேன். தெரிந்தவர் தோட்டத்துக் காய் கிடைத்தால் அதன் தோலைத் தாராளமாகப் பாவியுங்கள்.

மற்றத் தோல்களில் வாழைக்காய்த் தோல் இதற்குச் சமம். பொடியாக வெட்டி, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து வறையாக்கலாம். வெட்டியதும் மஞ்சள் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். கங்குன் தண்டில் அடியில் நாலு விரல் மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தை வெட்டி, இலைக்கு முதல் மூன்று நிமிடம் வதக்குங்கள். தண்டு வேகுமுன் இலை கரைந்துவிடுகிறது என்பதுதான் எல்லோருடைய முறைப்பாடும். பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்குத் தோலையும், மரவள்ளிக்கிழங்குத் தோலையும் தொடவேண்டாம். மரவள்ளித் தோலில் சயனைட்டை உண்டாக்கும் பொருள் கிழங்கின் சதையைவிடக் கூடுதலாக இருக்கிறது. அந்த உள் இளஞ்சிவப்புத் தோலையும் முழுதாக உரித்துவிட்டு, கிழங்கை மூடாமல் அவித்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.