பின்கோடும் நகராட்சி எல்லையும்: கேள்வி-பதில்

பின்கோடின் முதல் மூன்று இலக்கங்கள் மாவட்டத்தைக் குறிப்பவைதானே?

வருவாய் மாவட்டத்தை அல்ல. அவை தபால் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டுகின்றன; கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தை. இரண்டு மாவட்டங்களும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எங்கள் பகுதியை நகராட்சியுடன் இணைத்துவிட்டார்கள். பின்கோடு எப்போது மாறும்?

மாறாமலே இருக்கலாம். தபால்காரர் அதே அஞ்சலகத்திலிருந்து வருகிறார் என்றால் மாற்ற வேண்டிய தேவையே இல்லை. அஞ்சல் குறியீடு பட்டுவாடா வழிக்கானது, எல்லைக்கானது அல்ல.

நகரத்தின் நோய்க் கணக்கைப் பின்கோடு வாரியாக எடுத்தால் போதாதா? சிறிய பிழைதானே வரும்?

சிறிய பிழையா? அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரைப் பாருங்கள். 2014 ஏப்ரலில் அங்கே குடிநீரை ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். அரிக்கும் தன்மையுள்ள அந்த நீர் பழைய குழாய்களின் ஈயத்தைக் கரைத்தது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியதா என்று மாநில அரசு, அந்நாட்டின் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடான ஜிப் குறியீட்டை வைத்துப் பார்த்தது. கவலைப்படும்படி எதுவும் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம், 'ஃபிளின்ட்' என்ற முகவரி கொண்ட வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று நகர எல்லைக்கு வெளியே இருந்தது. அவற்றுக்கு அந்தத் தண்ணீரே போகவில்லை. பாதிக்கப்படாத அந்தக் குழந்தைகளையும் சேர்த்தால் உயர்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும். பருவத்துக்குப் பருவம் வரும் ஏற்றத்தாழ்வு மிச்சத்தையும் மறைத்துவிடும்.

2015இல் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷாவும் புவியியலாளர் ரிச்சர்ட் சாட்லரும் ஒவ்வொரு முகவரியையும் வரைபடத்தில் புள்ளியாக வைத்து, நகர எல்லைக்குள் விழுந்தவற்றைத் தனியே எண்ணினார்கள். ஈயம் அதிகமிருந்த குழந்தைகள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாகியிருந்தது தெரிந்தது. வெளியே குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

ஆகவே முகவரி கையில் இருக்கும்போது குறியீட்டை எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். புள்ளியை வையுங்கள், எல்லைக் கோட்டோடு ஒப்பிடுங்கள். முகவரி இல்லாமல் குறியீடு மட்டும்தான் இருக்கிறது என்றால், அதன் மக்களில் எத்தனை பங்கு நகருக்குள் என்று மதிப்பிட்டு, அந்தப் பங்கின்படி எண்ணிக்கையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அது மதிப்பீடு என்பதை அட்டவணையிலேயே எழுதுங்கள்.

எல்லாக் குறியீட்டுக்கும் வரைபடத்தில் ஒரு பரப்பு உண்டா?

இல்லை. அஞ்சல் பெட்டிகளுக்கு மட்டுமான ஜிப் குறியீடுகள் உண்டு, ஒரே நிறுவனத்துக்கானவையும் உண்டு. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை வரைந்து வெளியிடும் ஜிப் பரப்புகள் தோராயமானவை. மீண்டும் சொல்கிறேன்: பட்டுவாடா வழி, எல்லை அல்ல.

எங்கள் கோப்பில் பாஸ்டன் பக்கத்துக் குறியீடுகள் நான்கு இலக்கமாக வருகின்றன. பட்டியல் தவறா?

பட்டியல் சரி, உங்கள் கோப்புதான் தவறு. `02139` என்பதை விரிதாள் எண்ணாக எடுத்துக்கொண்டு `2139` ஆக்கிவிட்டது. கோப்பைத் திறக்கும்போதே அந்த நெடுவரிசையை உரை என்று குறியுங்கள். மாநில, மாவட்ட நிர்வாகக் குறியீடுகளுக்கும் இதேதான்.