ஊசி போட்ட பிறகு கையைத் தூக்க முடியவில்லை, வழக்கு நிற்குமா?

கேள்வி: ஐயா, ஆறு வாரம் முன்பு இடது மேல்கையில் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். அன்று ராத்திரியே தோளில் வலி ஆரம்பித்தது. இன்னமும் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. மருத்துவமனையில் கேட்டால் "ஊசி போட்டால் வலிக்கத்தான் செய்யும்" என்கிறார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் வேறு டாக்டரிடம் போனேன், அவர் சீட்டில் "சில நாட்களாகத் தோள் வலி" என்று எழுதியிருக்கிறார். நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் வலி இருக்கிறது என்பது மட்டும் போதாது. ஊசி தவறான இடத்தில் இறங்கியது, அதனால்தான் இந்தக் காயம் என்ற இரண்டையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

சாதாரண ஊசி வலி சில நாளில் அடங்கிவிடும். தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் கீழே, தசை தடிமனாக இருக்கும் இடத்தில்தான் போட வேண்டும். அதைவிட மேலே குத்தினால் மருந்து தசைக்குப் பதிலாக மூட்டை ஒட்டிய பர்சா என்ற பையிலோ தசைநாரிலோ போய் அழற்சி வரலாம். அதனால் ஊசி போட்டவர் சட்டைக் கையைச் சுருட்டினாரா, கழுத்துப் பக்கமாகச் சட்டையை இழுத்து இறக்கினாரா, நீங்கள் உட்கார்ந்திருக்க அவர் நின்றபடி மேலிருந்து குத்தினாரா என்பதையெல்லாம் நினைவு மங்குவதற்குள் எழுதித் தேதியிட்டு வையுங்கள். சட்டையை இழுத்து இறக்கியோ நின்றபடியோ குத்தும்போதுதான் ஊசி மேலே போய்விட வாய்ப்பு அதிகம்.

எனக்குக் கவலை தருவது அந்தச் சீட்டுதான். அமெரிக்காவின் தடுப்பூசி இழப்பீட்டுத் திட்டம் 2017 முதல் இந்தத் தோள் காயத்தைப் பட்டியலில் வைத்திருக்கிறது, வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும், அந்தத் தோளில் முன்பே கோளாறு இருந்திருக்கக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகளில் சில. வேறு நாட்டு நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனால் எங்கே வழக்குப் போட்டாலும் வலி எப்போது தொடங்கியது என்ற கேள்வி வரும். "சில நாட்களாக" என்ற ஒரு வார்த்தையை வைத்தே எதிர்த்தரப்பு வலி ஊசியால் வந்ததல்ல என்று வாதிடும். அந்த டாக்டரிடம் போய், வலி தொடங்கிய உண்மையான நாளைச் சொல்லி, பழைய குறிப்பை அடிக்காமல் இன்றைய தேதியில் கூடுதல் குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். அன்று ராத்திரி யாருக்காவது "தோள் வலிக்கிறது" என்று மெசேஜ் அனுப்பியிருந்தால் அழிக்காதீர்கள், நேரம் பதிவான அதுதான் நல்ல சாட்சி.

அப்புறம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அதில் பர்சா வீங்கியிருப்பது தெரிந்தால் உங்களுக்குப் பலம். தசைநார்த் தேய்மானமும் தெரிந்தால் அது வயதால் வந்தது என்பார்கள், அதற்குப் பதில் சொல்ல, இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாத எலும்பு மூட்டு நிபுணரின் கருத்து எழுத்தில் வேண்டும். வழக்குக்காகப் பிசியோதெரபியைத் தள்ளிப்போடாதீர்கள், தோள் இறுகிவிட்டால் நீங்களே நஷ்டத்தைக் கூட்டிக்கொண்டீர்கள் என்று தொகையைக் குறைப்பார்கள்.

ஊசி போட்ட இடத்தில் மருந்தின் பெயர், பேட்ச் எண், எந்தக் கை, போட்டவர் யார் என்ற பதிவின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். அதைக் கையில் வாங்கும்வரை "பரஸ்பரம் பேசி முடித்தோம்" என்ற எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்குக்கான கால வரம்பு இடத்துக்கு இடம் மாறும், அதனால் நகல் வந்ததும் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் முதலில் கடைசித் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.